கண்கட்டிக்கு ஒத்தடமா, கீறலா?

இரண்டில் எது என்று கேட்டால் முதலில் ஒத்தடம் என்றுதான் சொல்வேன். எனக்கு மேலிமையில் கட்டி வந்தபோது நான் தேர்ந்தெடுத்ததும் அதுதான். திருமங்கலத்தில் இருக்கும் என் அக்காவுக்குக் கீறி எடுத்தார்கள். அப்போது கூடவே இருந்து பார்த்தேன், அவ்வளவுதான். அதனால் இந்த ஒப்பீட்டில் தராசு கொஞ்சம் ஒரு பக்கம் சாயும்.

நாமக்கட்டியை உரசிப் பூசுவதை இந்த இரண்டோடும் சேர்க்கவில்லை. மதுரைப் பக்கம் இமை வீங்கியதும் வீட்டுப் பெரியவர்கள் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். பூசினால் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் உள்ளே அடைத்திருப்பது இளகுவதற்குச் சூடு வேண்டும். காய்ந்த துகள் கண்ணுக்குள் விழுந்து உறுத்துவது வேறு.

எது அடைத்திருக்கிறது என்று தெரிந்தால் மற்றவை எளிதாகப் புரியும். இமை விளிம்பில், முடி முளைக்கும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் பாக்டீரியா புகுந்தால் வருவது வெளிக்கட்டி: தொட்டால் உயிர்போகும், நுனியில் மஞ்சளாகச் சீழ் தெரியும். இமைக்குள் சற்று ஆழத்தில் மைபோமியன் சுரப்பிகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கும் எண்ணெயைச் சுரப்பவை அவைதான். அவற்றுள் ஒன்றில் தொற்று வந்தால் உட்கட்டி. தொற்று இல்லாமல் வெறும் எண்ணெய் தேங்கி, மாதக்கணக்கில் வலியில்லாத உருண்டையாக நின்றால் அதைக் கலேசியன் என்பார்கள். அந்த எண்ணெய் மார்கழிக் காலைத் தேங்காய் எண்ணெயைப் போல உறைந்து குழாயை அடைக்கிறது. ஒத்தடத்தின் வேலை அதை இளக்கிவிடுவது. கூடவே அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தையும் கூட்டுகிறது.

ஒத்தடம் பலிக்கவில்லை என்று சொல்பவர்களிடம் எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வெந்நீரில் துணியை நனைத்துக் கண்ணில் வைத்து, ஆறியதும் எடுத்துவிட்டோம் என்பார்கள். என் பார்வையில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது இந்த இடம்தான். மெல்லிய துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் இன்னும் சீக்கிரம். இமைக்குள் இருக்கும் எண்ணெய் இளக, சூடு 10 நிமிடமாவது இறங்காமல் நிற்க வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை.

நான் கண்டுகொண்ட ஏற்பாடு இது. வெந்நீரைப் பிளாஸ்க்கில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் கலந்து, பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவருவேன். ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் போதும், 45-ஐத் தாண்டக் கூடாது. வெப்பமானி இல்லாவிட்டால் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே சுள்ளென்றால் இமைக்கு ஆகாது, ஏனென்றால் உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான். டர்க்கி டவலில் கைக்குட்டை அளவுக்கு இரண்டு துண்டுகள் வெட்டி நாலாக மடித்துக்கொண்டேன். ஒன்று மூடிய கண்மேல் இருக்கும்போது மற்றது கிண்ணத்தில் கிடக்கும். வெதுவெதுப்புக் குறைந்ததும் மாற்றுவேன், கிண்ணம் ஆறினால் பிளாஸ்க்கிலிருந்து சேர்ப்பேன். மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். சித்திரை மாதத்தில் இதற்கே தனி வைராக்கியம் தேவை.

ஒத்தடம் முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, விரல் நுனியால் இமையை முடி இருக்கும் விளிம்பை நோக்கி மெதுவாக நீவ வேண்டும். மேலிமை என்றால் மேலிருந்து கீழே, கீழிமை என்றால் கீழிருந்து மேலே. வலி கடுமையாக இருக்கும் முதல் சில நாட்களில் நீவாமல் சூடு மட்டும் போதும். பிதுக்கவே கூடாது. சீழ் வெளியே வருவதற்குப் பதில் இமைக்குள்ளேயே பரவும். எனக்குச் சில நாளில் வலி அடங்கி, கட்டி தானாக உடைந்து கசிந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். ஆன்டிபயாடிக் களிம்பு சேர்த்தால் சீக்கிரம் ஆறுமா என்பதில் எனக்குத் தனி அனுபவம் இல்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மட்டும் வேண்டாம். தொடர்ந்து போட்டால் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

அக்காவின் கதை வேறு. அவருடையது வலி போன பிறகும் பட்டாணி அளவில் மாதக்கணக்கில் நின்றுவிட்ட கலேசியன். கருவிழியை அழுத்தியதால் அந்தக் கண்ணில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. இந்த நிலையில் ஒத்தடம் பெரிதாக எதுவும் செய்யாது. மருத்துவர் இமையில் மரத்துப்போகும் ஊசி போட்டார். “அந்த ஊசிதான் வலி, அப்புறம் ஒன்றும் தெரியவில்லை” என்றார் அக்கா. வளையம் வைத்த இடுக்கியால் இமையைப் பிடித்துப் புரட்டி, உட்பக்கத்தில் நெட்டுவாக்கில் ஒரு சிறு கீறல். சுரப்பிகள் நெட்டுவாக்கில் நிற்பதால், அப்படிக் கீறினால் பக்கத்துச் சுரப்பி வெட்டுப்படாது. சிறு கரண்டி போன்ற கருவியால் உள்ளிருந்ததைச் சுரண்டி எடுத்தார். தையல் இல்லை, வெளியே தழும்பும் இல்லை. சில மணி நேரம் கட்டு, சில நாள் கன்றிப்போன நிறம், பிறகு களிம்பு. வேகம் என்று பார்த்தால் ஒத்தடம் பக்கத்தில்கூட வர முடியாது.

ஆனாலும் சில மாதம் கழித்து அதே இமையில், சற்றுத் தள்ளி, அவருக்கு இன்னொன்று கிளம்பியது. கீறல் ஒரு கட்டியைத்தான் எடுக்கிறது. அடைப்புக்கான காரணம் அங்கேயே இருக்கிறது. அக்காவின் முடியடியில் பொடுகு போலச் செதில் படிந்திருந்தது. நாள்பட்ட இமை விளிம்பு அழற்சி என்றார் மருத்துவர். அதற்கு மருந்தைவிடப் பராமரிப்புதான் முக்கியம். குழந்தைகளுக்கான ஷாம்பூ ஒரு சொட்டை வெதுவெதுப்பான நீரில் கலந்து, பஞ்சால் முடியடியைத் தினமும் துடைக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வேளை ஒத்தடம். ஆக, கீறிக்கொண்டவரும் கடைசியில் ஒத்தடத்துக்குத்தான் வருகிறார். பழைய கண்மையைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். வண்டியில் தூசி பட்ட கையால் கண்ணைக் கசக்குவதும் ஆகாது. சர்க்கரையையும் பார்த்தார்கள், ஏனென்றால் கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவில் இப்படித் திரும்பத் திரும்ப வரும். அக்காவுக்கு அது சரியாக இருந்தது.

எனவே ஒத்தடத்தை இரண்டு வாரம் முறையாகக் கொடுத்தும் வலியும் வீக்கமும் குறையாவிட்டாலும், சீழ் கோத்துப் பெரிதாகி உடையாமல் நின்றாலும், உருண்டை ஒரு மாதத்துக்கு மேல் தங்கிப் பார்வையை மறைத்தாலும் கீறலைப் பற்றிப் பேசலாம். சிறு குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் ஒத்தடத்துக்கு இன்னும் கூடுதல் காலம் கொடுப்பார்கள். வயதானவருக்கு அதே இடத்தில் மறுபடி மறுபடி வந்தாலோ, அந்த இடத்து முடி கொட்டினாலோ எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எண்ணெய்ச் சுரப்பிப் புற்று கலேசியன் போலவே தோன்றும். இமை முழுவதும் சிவந்து வீங்கி, காய்ச்சலோடு கண்ணை அசைத்தாலே வலித்தாலோ, உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ ஒத்தடமும் வேண்டாம், மறுநாள் வரை காத்திருப்பதும் வேண்டாம். தொற்று கண்குழிக்குள் இறங்கியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.