ஃப்ரீசரில் கல் மாதிரி ஐஸ், கீழே புளித்த மாவு: ஆறு வருட ஃப்ரிட்ஜ் அனுபவம்

திருச்சியில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது வாங்கிய இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ். மேலே ஃப்ரீசர், கீழே ஃப்ரிட்ஜ், பனி கட்டாத ரகம், இன்வெர்ட்டர் கம்ப்ரசர். முதல் நான்கரை வருடம் இதைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. ஐந்தாவது வருடம் மே மாதத்தில்தான் ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தது இட்லி மாவு. ராத்திரி உள்ளே வைத்த மாவு, காலையில் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. இரண்டு நாள் கழித்து பாலும் திரிந்தது. ஆனால் மேலே ஐஸ்கிரீம் ஸ்பூன் இறங்காத அளவுக்குக் கெட்டியாக இருந்தது.

முதலில் வந்த மெக்கானிக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டார். "கேஸ் போயிடுச்சு சார், ஃபில் பண்ணணும்" என்றார். எனக்கு அது உறுத்தியது. கேஸ் குறைந்திருந்தால் ஃப்ரீசரும் அடி வாங்கியிருக்குமே? அங்கே ஐஸ்கிரீம் இளகியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, ஒரு சின்ன தெர்மாமீட்டரைத் தண்ணீர் டம்ளரில் போட்டு நடுத்தட்டில் ஒரு ராத்திரி வைத்தேன். வெறும் காற்றில் வைத்தால் கதவைத் திறந்த நொடியே அளவு மாறிவிடும். தண்ணீர் என்றால் நின்று காட்டும். காலையில் 13 டிகிரி. 4 டிகிரி பக்கம் இருக்க வேண்டிய இடம். ஃப்ரீசரில் மைனஸ் 19.

இந்த ரக ஃப்ரிட்ஜில் குளிர் உண்டாகிற இடம் ஒன்றே ஒன்றுதான் என்பது எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. ஃப்ரீசரின் பின்சுவருக்குப் பின்னால் குளிர்க்காயில் இருக்கிறது, அதோடு ஒரு ஃபேன். ஃபேன் தள்ளுகிற குளிர்காற்றில் பெரும்பகுதி ஃப்ரீசருக்குள்ளேயே சுற்றுகிறது. மீதி ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்குகிறது. கீழ் அறைக்கென்று தனியாகக் குளிர் எதுவும் கிடையாது. மேலிருந்து வருகிற காற்றை நம்பித்தான் அது இருக்கிறது.

அந்த வழியில் உட்கார்ந்திருக்கும் சின்ன மடிப்புக் கதவுதான் டாம்பர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் தட்டு, ஓரத்தில் மெல்லிய ஃபோம், பக்கத்தில் பல்சக்கரத்தோடு ஒரு குட்டி மோட்டார். கீழ் அறையில் இருக்கிற சென்சார் சூடு ஏறிவிட்டது என்றால் தட்டு திறக்கும், போதும் என்றால் மூடும். என்னுடைய மாடலில் கம்ப்ரசரை ஓட்டுவது ஃப்ரீசர் சென்சார். அதனால் கீழே எவ்வளவு சூடானாலும், டாம்பர் திறக்காவிட்டால் அந்தச் சூட்டைத் தணிக்க வேறு வழி இல்லை. மேலே மட்டும் ஜம்மென்று இருக்கும். பழைய குமிழ் வைத்த ஃப்ரிட்ஜ்களில் இந்தத் தட்டை நாமே கையால் திருப்புகிறோம். அதில் பல மாடல்களில் ஃப்ரீசர் குமிழை முழுக்கத் திருகினால் கீழே போகிற வழி குறுகிவிடும். கோடையில் ஐஸ் சீக்கிரம் உறையட்டும் என்று திருகி வைத்துவிட்டு, அப்புறம் பால் கெட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு. எங்கள் பழைய ஃப்ரிட்ஜில் நானும் அதைச் செய்திருக்கிறேன்.

சோதிக்கிற இடத்தில் ஒரு தப்பு செய்தேன். கீழ்க்கதவைத் திறந்து, பின்சுவரில் மேலே இருக்கும் காற்றுத் துவாரத்தில் கையை வைத்தேன். காற்றே இல்லை. ஃபேன் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். கதவு திறந்தால் ஃபேன் நின்றுவிடும் என்பது அப்போது தெரியாது. கதவோரத்தில் இருக்கும் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்தேன். உள்ளே விளக்கு அணைந்தது, சில நொடியில் மேலே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. டிஷ்யூ பேப்பரை மெல்லிய பட்டையாகக் கிழித்துத் துவாரத்தின் முன் பிடித்தேன். ஆடவே இல்லை. ஃப்ரீசர் சுவிட்சையும் அழுத்தி மேலே பிடித்தால் படபடவென்று ஆடியது. அறை 13 டிகிரியில் இருக்கும்போது டாம்பர் திறந்து கிடக்க வேண்டும். ஃபேன் சுற்றுகிறது, மேலே காற்று வருகிறது, கீழே வரவில்லை. ஆக, அடைப்பு நடுவழியில்.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. காயிலில் பனியை உருக்கும் ஹீட்டர் போய்விட்டாலும் கீழே குளிர் குறையும். ஆனால் அப்போது காயில் முழுக்கப் பனி மூடி, ஃப்ரீசரிலேயே காற்று மந்தமாகிவிடும். பின்சுவரிலும் பனி படர்வதுண்டு. என் ஃப்ரீசர் சுவர் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

இரண்டாவதாக வந்தவர் வயதில் மூத்தவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "பிளக்கைப் பிடுங்கிட்டு மறுபடி போடுங்க தம்பி, காதை இங்க வைங்க" என்றார். போட்ட சில நொடியில் 'கிர்ர்' என்று மெல்லிய சத்தம் வர வேண்டுமாம். மின்சாரம் வந்ததும் டாம்பர் ஒரு தடவை மூடித் திறந்து பார்த்துக்கொள்ளும். எங்களுக்குக் கேட்டது 'டிக் டிக்' என்று திணறுகிற சத்தம். மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ் அறையின் பின்பலகையைக் கழற்றினார். தெர்மோகோல் அச்சுக்குள் டாம்பர், அதன் விளிம்பு முழுக்க ஐஸ். தட்டு மூடிய நிலையிலேயே உறைந்து ஒட்டியிருந்தது.

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டார். நெம்பினால் பல்சக்கரம் உடையும் என்றார். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஓர் அடி தள்ளிப் பிடித்து உருக்கினார். பக்கத்தில் கொண்டுபோனால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். டிரையர் இல்லாதவர்கள் பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்துபோட்டு ஒரு முழு நாள் விட்டாலும் ஐஸ் உருகிவிடும். கீழே துணி போட மறக்கக் கூடாது.

ராத்திரிக்குள் தண்ணீர் டம்ளர் 5 டிகிரிக்கு வந்தது. நிம்மதி. ஆனால் பதினோராவது நாள் மாவு மறுபடி பொங்கியது.

ஐஸை உருக்கினால் மட்டும் போதாது, அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது சுற்றில்தான் உறைத்தது. டாம்பர் தட்டின் மேல்பக்கம் ஃப்ரீசரின் உறைகுளிர், கீழ்ப்பக்கம் அறையின் ஈரக்காற்று. தட்டு மூடியிருக்கும்போது அந்த ஈரம் அதன் விளிம்பில் படிந்து உறைகிறது. அதைத் தடுக்கத்தான் என் மாடலின் டாம்பரில் மெல்லிய ஹீட்டர் பட்டை ஒன்று ஒட்டியிருக்கிறது. பெரியவர் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். பட்டையில் தொடர்ச்சி இல்லை, எங்கோ அறுந்திருக்கிறது. ஈரத்துக்கு நாங்களும் காரணம்தான். கீழ்க்கதவில் பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தபோது, கீல் பக்க அடிமூலையில் மட்டும் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே ரப்பர் கேஸ்கெட் கிழிந்திருந்தது. போதாததற்கு, மிச்ச சாம்பாரை மூடாமல் ஆவியோடு உள்ளே வைக்கிற பழக்கம் வேறு. அது என் பழக்கம் என்று என் மனைவி இங்கே எழுதச் சொல்கிறார்.

டாம்பர், கேஸ்கெட் இரண்டையும் மாற்றினோம். இந்த மாடலில் டாம்பர் தனியாகக் கிடைப்பதில்லை, தெர்மோகோல் குழாயோடு முழுசாகத்தான் வாங்க வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற பொருளுக்காக முழங்கை நீளப் பெட்டி வந்து இறங்கியது. வந்துசேர இரண்டு வாரம் ஆனது. இந்த ஃப்ரிட்ஜில் எனக்குக் கோபம் வந்த ஒரே விஷயம் அதுதான்.

மாற்றி பதினான்கு மாதம் ஆகிறது. இந்த மே மாத வெயிலிலும் டம்ளர் 4 டிகிரியைத்தான் காட்டியது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் அந்தக் 'கிர்ர்' கேட்கிறதா என்று காது தானாக அங்கே போகிறது. இதுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.