புகைக் குழாயைச் சுரண்டுவதா, தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவதா?

ஈரோடு, பெருந்துறை, பல்லடம் வட்டாரத்து மெஸ்களில் பலவற்றில், அடுப்புக்கு மேலுள்ள ஹூடும் ஃபில்டரும் தவறாமல் தேய்க்கப்படுகின்றன. அவற்றுக்குப் பின்னாலிருந்து மொட்டைமாடி வரை செல்லும் டக்ட் மட்டும் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாமலே கிடக்கிறது. ஃபில்டர் எண்ணெய்த் துளிகளைத்தான் தடுக்கும். ஆவியாகிப் போகும் எண்ணெய் அதைத் தாண்டிச் சென்று, குளிர்ந்த தகட்டில் பட்டுப் படிகிறது. கடாயிலிருந்து எழும் ஒரு தீ நாக்கு அந்தப் படிவைத் தொட்டுவிட்டால், எரியும் இடம் கைக்கெட்டாத உயரத்தில், கூரைக்குள் மறைந்திருக்கும்.

படிவின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 40 செ.மீ. சதுரமான டக்ட் ஒன்று 6 மீட்டர் தூரம் கிடைமட்டமாக ஓடுகிறது என்றால், அதன் உட்பரப்பு 9.6 சதுர மீட்டர். அதில் 2 மி.மீ. கனத்துக்குப் படிந்தாலே ஏறத்தாழ 19 லிட்டர் கொழுப்பு தகட்டோடு ஒட்டியிருக்கிறது என்று பொருள். கடையில் வாங்கும் 15 லிட்டர் எண்ணெய் டின் ஒன்றைவிட அது அதிகம். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வகுத்த என்.எஃப்.பி.ஏ. 96 விதி, டக்ட்டைச் சுத்தம் செய்தே ஆகவேண்டிய வரம்பாகச் சொல்வதும் ஏறத்தாழ இதே 2 மி.மீ.தான். பல் வெட்டிய சிறு அளவுச் சீப்பைப் படிவின் மேல் இழுத்தால் கனம் தெரிந்துவிடும்.

அதை அகற்றும் வழிகள் இரண்டு. முதலாவது, டக்ட்டின் பக்கவாட்டில் வெட்டிவைத்த கதவுகளைத் திறந்து, நீண்ட பிடியுள்ள சுரண்டியால் உலர்வாகவே சுரண்டி வாளியில் அள்ளுவது. இரண்டாவது, காரக் கரைசலை நுரையாகப் பூசிச் சற்று ஊறவிட்டு, வெந்நீரை அழுத்தத்தோடு பீய்ச்சிக் கழுவுவது. சுத்தத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவதே மேல். சுரண்டி ஏறாத வளைவுகளிலும் அது நுழையும். சுரண்டிய பின் தகட்டில் எஞ்சும் மெல்லிய பிசுக்கையும் எடுத்துவிடும்.

ஆயினும் நம் ஊர் மெஸ்களுக்கு நான் முதலாவதையே பரிந்துரைப்பேன். காரணம் டக்ட் செய்யப்பட்ட விதத்தில் இருக்கிறது. பட்டறையில் ஜி.ஐ. தகட்டை மடித்து ரிவெட் அடித்துச் செய்த டக்ட்டின் இணைப்புகள் நீர் கசியாதவை அல்ல. பாய்ச்சிய தண்ணீர் கரைந்த கொழுப்போடு அந்த இணைப்புகள் வழியே கசிந்து, பால்ஸ் சீலிங்கின் மேல் பரவுகிறது. உள்ளிருந்த ஆபத்து அப்போது வெளிப்புறத்துக்கு இடம் மாறுகிறதே தவிர நீங்குவதில்லை. கிடைமட்டப் பகுதிக்கு வாட்டமும் வடிகுழாயும் இல்லையென்றால் எஞ்சிய நீர் உள்ளேயே தேங்கித் தகட்டை அரிக்கும். தொடர் வெல்டிங்கால் இணைத்து, வாட்டத்தோடு பொருத்திய டக்ட் இருக்கும் பெரிய சமையற்கூடம் என்றால் வெந்நீர் முறையைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

எது பொருந்தும் என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரவில் சமையலறையை இருட்டாக்கி, டக்ட்டுக்குள் வலுவான விளக்கொன்றை மெல்ல நகர்த்துங்கள். வெளியே நின்று பார்ப்பவருக்கு எந்த இணைப்பிலாவது ஒளிக்கீற்று தெரிந்தால், அங்கே தண்ணீரும் கசியும், கொழுப்பும் ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கும். அந்த இடத்தைச் சரிசெய்யாமல் தண்ணீர் முறையை நினைக்கவே கூடாது.

சுரண்டும் முறைக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. கதவு இல்லாத இடத்தைச் சுரண்ட முடியாது. கிடைமட்டப் பகுதியில் 3.5 மீட்டருக்கு ஒன்றாகவும், ஒவ்வொரு வளைவிலும் ஒன்றாகவும் கதவு வேண்டும். மேலே சொன்ன 6 மீட்டர் டக்ட்டுக்கு வளைவுக் கதவோடு மூன்று இருந்தால் கை எட்டும். ஹூடிலிருந்து எட்டும் வரை மட்டும் சுரண்டிவிட்டு முழுக்கூலி கேட்பது இத்தொழிலில் நடக்கிறது. ஆகவே நடுக் கதவைத் திறந்து நீங்களே கைவிளக்கு அடித்துப் பாருங்கள். வேலை தொடங்குமுன் கேஸ் வால்வை மூடி, புளோயரின் மின் இணைப்பைத் துண்டித்து, அடுப்புகளைப் பாலிதீனால் மூடவேண்டும். சுரண்டி முடித்ததும் காரக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்தால் எஞ்சிய பிசுக்கும் பெரும்பாலும் போய்விடும். மண்ணெண்ணெயோ தின்னரோ கொண்டு துடைப்பதை எந்த நிலையிலும் அனுமதிக்கலாகாது.

ஃபில்டரைப் பொறுத்தவரை, கம்பிவலை வகையைவிட வளைத்த தகடுகள் கொண்ட பேஃபிள் வகையே சிறந்தது; வலை கொழுப்பைத் தன்னுள்ளேயே தேக்கிக்கொள்ளும், பேஃபிளோ தட்டுக்கு வழியவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபில்டரைக் காஸ்டிக் சோடா கரைத்த நீரில் ஊறவைக்கலாம். அலுமினிய ஃபில்டரை அதில் போட்டால் உலோகமே கரைந்து, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதற்குப் பாத்திரம் துலக்கும் திரவமும் வெந்நீருமே போதும்.

காலக்கெடுவை அடுப்பே தீர்மானிக்கிறது. நாள் முழுதும் வறுவலும் புரோட்டாவும் போடும் கேஸ் அடுப்புக்கு மூன்று மாதத்துக்கொரு முறை டக்ட்டைத் திறந்து பார்க்கவேண்டும். விறகடுப்புக்கு மாதந்தோறும் பார்க்கவேண்டும், அதன் டக்ட்டும் கேஸ் அடுப்பின் டக்ட்டோடு சேராமல் தனியாக மாடிக்குச் செல்லவேண்டும். விறகுப் புகையில் வரும் தீப்பொறி, கேஸ் அடுப்பு விட்டுச்சென்ற கொழுப்பில் போய் விழுவதற்கு இணைந்த டக்ட் வழிசெய்து கொடுத்துவிடும்.