கடைக் கொப்பியா, அடிக்கடி லொறியா?

ஹட்டனில் மொத்தக் கடை வைத்து, நோர்வூட், மஸ்கெலியா பக்கத் தோட்டக் கடைகளுக்குச் சவர்க்காரமும் பிஸ்கட்டும் போடுகிற எங்களுக்கு ஒரு தீராத தலைவலி உண்டு. தோட்டத்தில் விற்பனை கொஞ்சம்தான் கூடும், ஆனால் கொழும்புக் கம்பனிக்குப் போகும் ஓடர் பல மடங்காகிவிடும், அடுத்த வாரம் அதே ஓடர் ஒரேயடியாக விழுந்துவிடும். இதைத்தான் சாட்டை விளைவு என்கிறார்கள். அடக்க இரண்டு வழி பார்த்தேன். ஒன்று, கடையில் உண்மையில் விற்றது எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதி மேலே இருப்பவர்களுக்கும் தெரியப்படுத்துவது. மற்றது, கையிருப்பைக் குறைத்து லொறியை அடிக்கடி ஓட்டுவது. நான் எடுத்தது முதலாவதை, அதனால் பக்கச்சார்பாகத்தான் எழுதுவேன்.

1997இல் லீ, பத்மநாபன், வாங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதற்கு நான்கு காரணம் காட்டினார்கள். வரும் ஓடரையே தேவை என்று எடுத்துக்கொள்வது, சேர்த்துவைத்து மொத்தமாக ஓடர் போடுவது, விலைக்கழிவு வரும்போது வாங்கிக் குவிப்பது, தட்டுப்பாட்டில் பயந்து கூட்டிக் கேட்பது. கழிவு விஷயம் கம்பனியின் கையில் இருக்கிறது, அதை விடுவோம். முதல் காரணம் யாரும் தப்பே செய்யாதபோதும் வருவது.

கணக்குப் போட்டே பாருங்கள். ஒரு கடை, ஒரு மொத்த வியாபாரி, ஒரு கம்பனி. மூவரும் இரண்டு வார விற்பனைக்கான சரக்கு கையில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள். வாரம் 10 பெட்டி போய்க்கொண்டிருந்தது, அதனால் ஆளுக்கு 20 பெட்டி இருப்பு. இந்த வாரம் 12 விற்றது. கடையில் மிச்சம் 8, இனி வேண்டியது 24, ஆகவே 16 கேட்கிறார். மொத்த வியாபாரிக்குத் தெரிவது அந்த 16 மட்டும்தான். அதைக் கொடுத்தால் மிச்சம் 4, இரண்டு வாரத்துக்கு 32 வேண்டும், 28 கேட்கிறார். கம்பனி 28ஐப் பார்த்து, இருந்த 20ஐயும் கொடுத்து, 8 பெட்டி கடனும் வைத்து, 56 இருப்புக்காக 64 பெட்டி செய்யச் சொல்கிறது. விற்பனை கூடியது வெறும் 2 பெட்டி! அடுத்த வாரமும் அதே 12தான் விற்கிறது. கடை 12 கேட்கும், மொத்த வியாபாரி 4தான் கேட்பார், கம்பனி எதுவுமே செய்ய வேண்டியதில்லை. இதில் சரக்கு வந்துசேரும் தாமதத்தை நான் சேர்க்கவில்லை, சேர்த்தால் இன்னும் மோசம்.

இப்போது அந்த 12 மூவருக்கும் தெரிந்தால்? கடை 16 கேட்கும். வியாபாரி தன் இருப்பை 24 ஆக்கினால் போதும் என்று 20 கேட்பார். கம்பனி 24 செய்யும். யாருக்கும் தட்டுப்பாடு இல்லை, அடுத்த வாரம் எல்லாரும் 12க்கு வந்துவிடுகிறார்கள்.

லொறி வழியில், ஆளுக்கு ஒரு வார இருப்பு மட்டும் வைத்தால், ஓடர் 14, 18, 26 என்று போகும். கொப்பி வழிக்கு மிக அருகில்தான், மறுக்கவில்லை. ஆனால் 10 இருக்கும் கடையில் 12 கேட்டு ஆள் வந்தால் இரண்டு பெட்டிக்கு ஆள் அடுத்த லொறி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதோடு தென்மேற்குப் பருவமழையில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து வீதி மூடினால் அந்த வார லொறி வராது, கடையில் இருப்பும் இராது. பாதி ஏற்றிய லொறிக்கு டீசல் பாதியாகக் குறைவதும் இல்லை. கொழும்புக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தால் நானும் லொறியைத்தான் சொல்லியிருப்பேன்.

கொப்பியின் விலை பராமரிப்பு. அதில்தான் இது பிழைப்பதும் சாவதும். கடைக்காரர் ஞாயிறு இரவு தட்டில் மிச்சமிருப்பதை எண்ணி எழுத வேண்டும். போன வார இருப்பு, கூட்டல் வந்தது, கழித்தல் இன்றைய இருப்பு, அதுதான் விற்பனை. பக்கத்தை வட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். எண்ணாமல் குத்துமதிப்பாக எழுதுகிறவரைக் கண்டுபிடிப்பது சுலபம், எல்லா வாரமும் 10, 15, 20 என்று ஐந்தின் மடங்காகவே இருக்கும். "அண்ணே, எண்ணவே இல்லையே" என்றால் சிரிப்பார். எண்ணிக்கை வராத கடைக்கு நான் முந்தைய வாரங்களின் சராசரியையே அனுப்புகிறேன், அவர் கேட்ட ஓடரை அல்ல. அப்புறம் எண்ணிக்கை தானாக வருகிறது.

இன்னொன்று, சம்பள வாரம். 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் கிடைத்ததும் விற்பனை ஏறி, பிறகு இறங்கும். அதை வளர்ச்சி என்று நினைத்தால் கொப்பி இருந்தும் ஓடர் ஊதும். அதனால் போன வாரத்தோடு ஒப்பிடக் கூடாது, போன மாதச் சம்பள வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

தட்டுப்பாட்டுக்கும் இதே கொப்பிதான். பால்மா கிடைக்காத நாட்களில் பாதிதான் வரும் என்று தெரிந்து இரண்டு மடங்கு கேட்பார்கள். கேட்டதற்கு ஏற்பப் பங்கிட்டால் அதிகம் கேட்டவருக்கு அதிகம் போகும். முன்பு விற்றதற்கு ஏற்பப் பங்கிட்டால் கூட்டிக் கேட்பதில் லாபமே இல்லை.

மரக்கறிக்கு இது சரிவருமா என்றால், நான் அந்த வியாபாரம் செய்ததில்லை, அழுகும் சரக்குக்கு லொறியே மேலாக இருக்கலாம். கம்பனிகளும் எல்லாம் கொப்பியைப் பார்ப்பதில்லை. பார்க்காத இடத்தில் என் ஓடர் மட்டும்தான் அமைதியாகப் போகிறது, அவர்களுடைய உற்பத்தி இன்னும் ஆடுகிறது. உங்கள் கடையில் நோய் இருக்கிறதா என்று பார்க்க, கடைகள் விற்றதில் கூடிய வாரத்தையும் குறைந்த வாரத்தையும் எழுதி, பக்கத்தில் நீங்கள் மேலே போட்ட ஓடரில் கூடியதையும் குறைந்ததையும் எழுதுங்கள். விற்பனை 10க்கும் 12க்கும் நடுவிலும், ஓடர் 4க்கும் 28க்கும் நடுவிலும் இருந்தால், அந்த ஆட்டத்தை உண்டாக்கியது தோட்டத்துச் சனம் அல்ல, நீங்கள்தான்.