அரக்கு அரக்காகவே தெரிய: நான்கு ஆண்டு அனுபவம்

காஞ்சிப் பட்டுப் புடவைகளை வீடியோவில் காட்டி விற்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டில் திரும்பி வந்த புடவைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்தான்: “வீடியோவில் பார்த்த நிறம் இல்லை.” வாடிக்கையாளர் சொன்னது உண்மை. அரக்குப் புடவை வீடியோவில் செங்கல் நிறமாக மங்கியிருந்தது.

செல்போன் கேமரா, காட்சியில் எந்த நிறம் மிகுந்திருக்கிறதோ அதை விளக்கொளியின் சாயல் என்று எண்ணிக் குறைத்துவிடுகிறது. திரை முழுவதும் அரக்கை விரித்தால் அதிலுள்ள சிவப்பையே கழித்துவிடும். அதற்கு நான் கண்ட தீர்வு, புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை. விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பும், எந்தச் சாயலும் இல்லாத அட்டை அது. புடவை மேல் அட்டையை வைத்து, கேமராவை ‘ப்ரோ’ முறைக்கு மாற்றி, அட்டையில் நீலமோ மஞ்சளோ தெரியாமல் போகும்வரை, விளக்கொளியின் சாயலை ஈடுகட்டும் வெண்சமநிலை அளவை நகர்த்துவேன். என் அறையில் அது பெரும்பாலும் 5,200 கெல்வின் அருகில் நிற்கும். வெளிச்ச அளவையும் அட்டையை வைத்தே பூட்டிவிட்டு, அதன் பிறகுதான் புடவையைப் பிரிப்பேன். நடுவில் எதையும் தொடுவதில்லை. இரண்டு ஆண்டுகளில் விரல் எண்ணெயும் மஞ்சளும் படிந்து முதல் அட்டையே நிறம் மாறிவிட்டது. இப்போது அதன் ஓரத்தை மட்டுமே பிடிக்கிறேன்.

அட்டையால் சரிசெய்ய முடியாதது விளக்கு. முன்பு வைத்திருந்த எல்இடி விளக்கின் பெட்டியில் சி.ஆர்.ஐ. 80 என்று போட்டிருந்தது. ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் அந்த எண், எட்டு வெளிர் நிறங்களை வைத்துக் கணக்கிடும் சராசரி. அடர் சிவப்பு அதில் சேராது. அடர் சிவப்புக்கு ஆர்9 என்று தனி மதிப்பு உண்டு. மலிவான விளக்குகளில் அது பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கும். ஒளியிலேயே இல்லாத சிவப்பை எந்தக் கேமராவும் எடுத்துக் காட்டாது. சி.ஆர்.ஐ. 95-க்கு மேலும், ஆர்9 மதிப்பு 90 என்றும் குறிப்பிட்ட விளக்கை வாங்கிய அன்று, அதே அரக்குப் புடவையை இரண்டு விளக்குகளிலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பழைய விளக்கில் காய்ந்த இலை போலிருந்தது, புதியதில் ரத்தம் ஓடியது போல் உயிர்பெற்றது.

பகலில் வடக்கு ஜன்னல் வெளிச்சம் இதைவிட நல்லது. ஆனால் மே முதல் ஜூலை வரை நம் ஊரில் சூரியன் வடக்கே சாய்ந்து எழுவதால், அந்த ஜன்னலிலும் காலை வெயில் நேராக விழும். அப்போது வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிவிடுகிறேன். எதிர்ச்சுவரின் பச்சை வண்ணம் வெண்பட்டின் மேல் பிரதிபலிப்பதைக் கண்டுபிடிக்க மட்டும் எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

இவ்வளவு செய்தும் இரண்டு நிறங்கள் அடங்கவில்லை. ஒன்று மயில் கழுத்து. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் மடிப்பு திரும்பும் ஒவ்வொரு கோணத்திலும் பச்சையும் நீலமும் இடம் மாறும். அதை ஒரே படத்தில் காட்டுவதே தவறு. முந்தானையைக் கையில் ஏந்தி மெல்லச் சாய்த்துக் காட்ட வேண்டும். மற்றொன்று கத்தரிப்பூ. கேமராவின் வண்ண வடிகட்டிகள் நம் கண்ணைப் போலவே ஒளியைப் பிரிப்பதில்லை. அதனால் சில ஊதாச் சாயங்கள் நீலத்தின் பக்கம் சாய்ந்துவிடுகின்றன. போனமாதம்கூட ஒரு கத்தரிப்பூப் புடவை திரும்பி வந்தது. “நான் நீலம் என்று நினைத்துத்தான் வாங்கினேன், அக்கா” என்றார் அந்தப் பெண். பணத்தை முழுவதும் திருப்பிக் கொடுத்தேன்.

முன்பெல்லாம் வீடியோவின் கடைசியில் “நிறத்தில் சிறு மாற்றம் இருக்கலாம்” என்று சொல்லி முடிப்பேன். அது எனக்குக் காப்பு. வாங்குபவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. எந்தப் பக்கம், எவ்வளவு மாறும் என்று சொல்வதுதான் நியாயம். இப்போது முதல் நிமிடத்திலேயே, சாம்பல் அட்டையைப் புடவை மேல் வைத்தபடி இப்படிச் சொல்கிறேன்:

“இந்த அட்டை சாயலில்லாத சாம்பல் நிறம். உங்கள் திரையில் மஞ்சளாகத் தெரிந்தால் கண் பாதுகாப்பு வசதி இயங்குகிறது. அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். இந்தக் கத்தரிப்பூ வீடியோவில் நீலமாகத் தெரிகிறது. நேரில் இதைவிடச் சிவப்பு கூடுதல், பழுத்த நாவல் பழத்தின் தோல் போல. வெயிலில் இன்னும் சிவக்கும், குழல் விளக்கில் கருக்கும். நான் சொன்னதற்கு மாறாக இருந்தால், கட்டாமல் ஏழு நாளுக்குள் அனுப்புங்கள். அனுப்பும் செலவு என்னுடையது.”

கடைசி வாக்கியத்தைச் சேர்க்கத் தயங்கினேன். சேர்த்த பிறகு, நிறத்துக்காகத் திரும்பும் புடவைகள் குறைந்தன. கேட்டபிறகும் முடிவெடுக்க முடியாதவர்களுக்கு, அதே சாயத்தில் தறியில் மிஞ்சிய ஊடை நூலில் ஒரு விரல் நீளம் வெட்டி, வெள்ளைத் தாளில் ஒட்டித் தபாலில் அனுப்புகிறேன்.