பேவர் பிளாக்குக்கு அடியில் எம்-சாண்டா, கிரஷர் டஸ்ட்டா?

வீட்டு கேட்டிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை பேவர் பிளாக் போடுவது என்று முடிவான உடனே கல்லின் நிறம், வடிவம் பற்றி வீட்டில் எல்லோரும் பேசுவார்கள். கல்லுக்கு அடியில் என்ன கொட்டுவது என்பதை மட்டும் மேஸ்திரி கையில் விட்டுவிடுவார்கள். கிருஷ்ணகிரி பக்கம் மேஸ்திரிகள் பெரும்பாலும் கிரஷர் டஸ்ட்டைத்தான் சொல்வார்கள். சுற்றிலும் கல் குவாரியும் கிரஷரும் இருப்பதால் சுலபமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. எங்கள் வீட்டு வேலையிலும் "டஸ்ட்டே போதும் சார், தண்ணி தெளிச்சு அடிச்சா சிமெண்ட் மாதிரி இறுகிக்கும்" என்றார் மேஸ்திரி. நான் கல்லை உடைத்துத் தயாரிக்கும் மணலான எம்-சாண்ட் போடச் சொன்னேன். அதன் காரணத்தைக் கணக்கோடு எழுதுகிறேன்.

முதலில் அளவு. பாதை 12 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், ஆக 42 சதுர மீட்டர். கார் ஓடும் வீட்டுப் பாதைக்கு 60 மில்லிமீட்டர் கனமுள்ள கல் போதும். மாங்காய் சீசனில் லோடு வண்டி உள்ளே வந்து போகும் வீடென்றால் 80 மில்லிமீட்டர் நல்லது. கல்லுக்குக் கீழே இரண்டு அடுக்கு. அடியில் ஜல்லி அடித்தளம், இறுகிய பின் 150 மில்லிமீட்டர். அதன் மேல் மணல் படுகை, இறுகிய பின் 30 மில்லிமீட்டர்.

அடித்தளத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. ஜி.எஸ்.பி. என்று கிரஷரில் கேட்டால் பெரிய ஜல்லி முதல் தூள் வரை கலந்தே வரும். கிராவல் என்று மட்டும் சொல்லிவிட்டால் செம்மண் கலந்த கிராவல் லோடு வந்து இறங்கிவிடும், அது மழையில் இளகும். 42 சதுர மீட்டருக்கு 150 மில்லிமீட்டர் என்றால் 6.3 கன மீட்டர். இறுகிய ஜி.எஸ்.பி. கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.1 டன் இருக்கும், எனவே 13.2 டன். சிந்தல், ஓரம் எல்லாம் சேர்த்து 14 டன். இதை 75 மில்லிமீட்டராக இரண்டு முறை பரப்பி, ஈரப்படுத்தி, தனித்தனியாக அடிக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கெட்டியான செம்மண் தரைக்கு இது போதும். களிமண் தரையாக இருந்தால் கனத்தைக் கூட்ட வேண்டும்.

இப்போது படுகை. 42 சதுர மீட்டருக்கு 30 மில்லிமீட்டர் என்றால் வெறும் 1.26 கன மீட்டர். இறுகிய எம்-சாண்டுக்கு கன மீட்டருக்கு 1.8 டன் வைத்தால் 2.27 டன். கல்லை அடிக்கும்போது கொஞ்சம் மணல் கீழிருந்து இடுக்குகளில் ஏறும், கொஞ்சம் சிந்தும். அதற்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 2.7 டன். லோடில் வரும் ஈரத்தின் எடையையும் சேர்த்து 3 டன் என்று வைத்துக்கொள்ளலாம்.

மொத்த வேலையில் மணலின் பங்கு இந்த 3 டன்தான். எம்-சாண்டுக்கும் டஸ்ட்டுக்கும் டன்னுக்கு ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் என்று வைத்தாலும் மிச்சமாவது 1,500 ரூபாய். 450 சதுர அடிக்குக் கல்லும் கூலியும் கொடுத்த பிறகு இந்த 1,500-ல் கை வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஏனென்றால் பின்னாளில் தளம் இறங்குமா, நிற்குமா என்பதில் இந்த மெல்லிய அடுக்குக்குத்தான் பெரிய பங்கு.

டஸ்ட்டின் குறை அதன் மாவில் இருக்கிறது. கல் உடைக்கும்போது விழும் எல்லாத் தூளும் அதில் கலந்திருக்கும். எம்-சாண்டில் அந்த மாவின் பெரும்பகுதியைக் கழுவியோ காற்றில் பிரித்தோ எடுத்துவிடுகிறார்கள். காய்ந்திருக்கும்போது மாவு இருப்பதால்தான் டஸ்ட் இறுகுகிறது, மேஸ்திரி சொன்னது அந்த அளவில் உண்மை. கல் இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் இறங்கும்போதுதான் பிரச்சினை. எம்-சாண்டில் தண்ணீர் நிற்காமல் ஜல்லிக்கு இறங்கிவிடும். டஸ்ட் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறிப்போன படுகை மேல் கார் சக்கரம் ஏறினால் தண்ணீர் போக வழியில்லாமல், மாவையும் கரைத்துக்கொண்டு இடுக்கு வழியே மேலே வரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லுக்கு அடியில் இருப்பது வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

எங்கள் தெருவிலேயே டஸ்ட் போட்ட ஒரு பாதையில் இதைப் பார்க்கலாம். மழை விட்ட மறுநாள், சக்கரம் போகும் இரண்டு தடங்களில் மட்டும் கல்லைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு காய்ந்து கிடக்கும். விரலால் தொட்டால் முகப்பவுடர் போல ஒட்டும். அந்தக் கற்களின் ஓரத்தில் காலை வைத்து அழுத்தினால் லேசாக ஆடுகிறது. தடத்தின் நடுவில் தண்ணீர் தேங்குகிறது, தேங்கிய தண்ணீர் படுகையை இன்னும் ஊற வைக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் தொடர்ந்து பெய்யும்போது படுகை காய நேரமே கிடைக்காது. அப்படி இறங்கிய இடத்தைச் சரிசெய்ய, கல்லைப் பெயர்த்து, சேறான டஸ்ட்டை வழித்தெடுத்து, புதிதாகப் பரப்பி மறுபடி அடுக்க வேண்டும். மேலே மணல் தூவினால் சரியாகாது. 1,500 ரூபாய் மிச்சம் அந்த ஒரு நாள் கூலிக்கே போதாது.

எம்-சாண்ட் என்று சொல்லிக் கொண்டுவருவதெல்லாம் எம்-சாண்ட் ஆகிவிடாது. லோடு இறங்கும்போதே ஈரமாக ஒரு பிடி எடுத்து இறுக்கிக் கையைத் திறந்து பாருங்கள். நல்ல எம்-சாண்ட் உருண்டையாக நிற்காமல் உதிரும், உள்ளங்கையில் கொஞ்சம்தான் ஒட்டும். டஸ்ட் கொழுக்கட்டையாக நிற்கும், கை முழுக்கச் சாம்பல் பூசும். சந்தேகம் இருந்தால் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி, இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேல் மாவு தனி அடுக்காகப் படியும். இரண்டு பாட்டில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பூச்சு வேலைக்கு வரும் பி-சாண்ட் இதற்கு வேண்டாம், அது மிகவும் நைசு.

எம்-சாண்டுக்கும் சில நிபந்தனைகள் உண்டு. அடித்தளம் மேடு பள்ளமாக இருந்தால் மணலை வைத்து நிரவக் கூடாது. நூல் கட்டி அளந்து பாருங்கள், 10 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால் ஜல்லியிலேயே சரிசெய்யச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் 30, இன்னொரு இடத்தில் 60 மில்லிமீட்டர் மணல் இருந்தால் கனம் அதிகமான இடம் கட்டாயம் இறங்கும், அங்கே எம்-சாண்டும் காப்பாற்றாது. அடித்தளத்தில் தூள் இல்லாத 40 மில்லிமீட்டர் ஜல்லியை மட்டும் போட்டாலும் மணல் சந்துகளில் நழுவிப் போய்விடும். பக்கவாட்டில் ஓடிவிடாமல் இருபுறமும் கெர்ப் கல் கான்கிரீட்டில் நிற்க வேண்டும். வாட்டம், மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வீதம் குறுக்காக 7 சென்டிமீட்டர்.

இனி வாங்கும் விஷயம். எம்-சாண்ட் வேண்டும் என்று முடிவெடுத்தவர் பாதையிலும் கடைசியில் டஸ்ட் நுழைவது இந்த இடத்தில்தான். நம் பக்கம் பலரும் யூனிட் கணக்கில் வாங்குகிறார்கள். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். காய்ந்த எம்-சாண்ட் தளர்வாக இருக்கும்போது கன மீட்டருக்குச் சுமார் 1.6 டன். நமக்கு வேண்டிய 2.7 டன் அந்தக் கணக்கில் 1.69 கன மீட்டர், 60 கன அடி. சரி, 60 கன அடி சொல்லிவிடலாம் என்று தோன்றும்.

ஆனால் கழுவிய எம்-சாண்ட் ஈரமாகத்தான் வருகிறது. துகள்களைச் சுற்றியிருக்கும் ஈரப்படலம் ஒன்றை ஒன்று தள்ளி நிறுத்துவதால் அதே மணல் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். நேரான பாத்திரத்தில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈர மணலைத் தளர்வாக நிரப்பி அளந்துகொண்டு, அது முழுக்க மூழ்கும் வரை தண்ணீர் விட்டுக் கிளறி, படிய விடுங்கள். 16 சென்டிமீட்டருக்கு இறங்கினால் மணல் 25 சதவீதம் உப்பியிருந்தது என்று பொருள். அந்த மணலில் 60 கன அடி வாங்கினால் கையில் கிடைப்பது 48 கன அடிக்கான சரக்குதான், எடையில் 2.2 டன்னுக்குச் சற்றுக் குறைவு. அரை டன் பற்றாக்குறை. அரை டன்னுக்காக இன்னொரு வண்டி வராது. அந்த நேரத்தில் கேட் ஓரத்தில், அதாவது சக்கரம் திரும்பும் இடத்தில், கிடக்கும் டஸ்ட்டைப் போட்டு வேலையை முடித்துவிடுவார்கள்.

டன் கணக்கில் வாங்கினால் இந்த உப்பல் நம்மைப் பாதிக்காது. ஈரத்துக்குக் காசு கொடுக்கிறோம், உண்மைதான். ஆனால் 3 டன்னில் 6 சதவீத ஈரம் என்றால் 180 கிலோதான், யூனிட் கணக்கில் இழக்கும் அரை டன்னோடு ஒப்பிட்டால் அது சின்ன இழப்பு. எடைமேடைச் சீட்டில் லோடு எடை, காலி வண்டி எடை இரண்டும் இருக்க வேண்டும், அதை மட்டும் கேட்டு வாங்குங்கள். யூனிட்டில்தான் தருவேன் என்றால் ஈர எம்-சாண்டுக்கு 60-க்குப் பதில் 75 கன அடி சொல்லுங்கள். ஜி.எஸ்.பி. 14 டன் தளர்வாக ஏறத்தாழ 3 யூனிட் வரும். அடித்த பின் அது 6.3 கன மீட்டராகத் தெரிந்தால் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். எடை மாறாது, அடைக்கும் இடம்தான் மாறும்.

டஸ்ட் எங்கேயுமே கூடாது என்று சொல்ல மாட்டேன். கூரைக்குக் கீழே இருக்கும் திண்ணை ஓரம், ஆள் மட்டும் நடக்கும் பக்கவாட்டுச் சந்து, செடிகளுக்கு நடுவே நடைபாதை, இங்கெல்லாம் சக்கரமும் இல்லை, பெரிதாகத் தண்ணீரும் இறங்காது. எங்கள் வீட்டிலும் பின்பக்கச் சந்துக்கு டஸ்ட்தான், ஒரு கல்கூட அசையவில்லை. டஸ்ட்டில் சிமெண்ட் கலந்து போடும் வழக்கமும் இருக்கிறது. அது கெட்டியாக நிற்கும், ஆனால் தண்ணீர் கீழே இறங்காது, குழாய் பதிக்கத் தோண்டினால் கல்லோடு ஒட்டிய கட்டியைச் சுத்தியால் தட்டி எடுக்க வேண்டியிருக்கும். அதை நான் என் பாதையில் போட்டுப் பார்த்ததில்லை, அதனால் அது எத்தனை வருஷம் உழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கார் ஏறும் பாதைக்கு, மழை நேராக விழும் இடத்துக்கு, என் ஓட்டு எம்-சாண்டுக்குத்தான்.