‘நீளமாட்டு இருக்கு, கொஞ்சம் சுருக்கித் தாங்க’: ஒன்பது வருடமாகப் பயன்படுத்தும் ஒரு வழிமுறை

நாகர்கோவிலில் சின்னதாக ஒரு டைப்பிங், டிடிபி கடை வைத்திருக்கிறேன். மனு, விழா மலர், நினைவு அஞ்சலி நோட்டீஸ், சங்க அறிக்கை எல்லாம் வரும். அடித்துத் தரச் சொல்லி வருகிறவர்களைவிட, ஏற்கெனவே எழுதி வைத்ததை நீட்டி, “அக்கா, இது ரொம்ப நீளமாட்டு இருக்கு, கொஞ்சம் சுருக்கித் தாங்க” என்கிறவர்கள்தான் எனக்குச் சிக்கல். எவ்வளவு சுருக்கணும் என்று கேட்டால் “பாத்து செய்யுங்க” என்பார்கள். எது கட்டாயம் இருக்கணும் என்று கேட்டால் “முக்கியமானது எல்லாம் இருக்கணும்.” இரண்டு பதிலையும் வைத்துக்கொண்டு ஒரு வரியைக்கூட வெட்ட முடியாது.

ஆரம்பத்தில் நான் எதையும் பாதியாக்கிவிடுவேன். ஏன் பாதி என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஒருமுறை ஓர் ஊர்த் திருவிழா மலருக்கு வந்த நான்கு பக்க நன்றியுரையை ஒன்றரைப் பக்கமாக்கினேன். படிக்க அவ்வளவு நன்றாக இருந்தது. நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியலில் முதல் ஆறு பேரை வைத்துவிட்டு ‘மற்றும் பலர்’ என்று முடித்திருந்தேன். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்னே ஒருவர் வந்து நின்றார். “அந்த மற்றும் பலர்ல எங்க மாமா எத்தனாவதா வாறாரு?” என்று கேட்டார். அந்த உரை மேடையில் வாசித்து ரசிப்பதற்காக எழுதியது இல்லை. அந்தப் பெயர்களுக்காக எழுதியது. வர்ணனை முழுவதும் போயிருக்கலாம், பெயர் ஒன்றுகூடப் போயிருக்கக் கூடாது. பொறுக்கி எடுத்து நான் நேர்மாறாகச் செய்திருந்தேன்.

அதற்கப்புறம்தான் இப்போது பயன்படுத்தும் வழிக்கு வந்தேன். குறைப்பதை இரண்டு வேலையாகப் பிரித்துக்கொண்டேன். ஒன்றுக்குத் தோல் சீவுதல் என்று எனக்குள் பெயர், இன்னொன்றுக்குச் சதை வெட்டுதல். தோல் சீவினால் சொல்லப்பட்ட செய்தி எதுவும் போகாது, சொல் மட்டும் குறையும். சதை வெட்டினால் ஏதோ ஒரு செய்தி காணாமல் போகும். முதலாவதை யாரையும் கேட்காமல் செய்வேன். இரண்டாவதைக் கேட்காமல் செய்யமாட்டேன். கேட்க ஆள் இல்லாவிட்டால், எதை விட்டேன் என்று தனித் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பேன். வழிமுறை இவ்வளவுதான். சிரமம் எல்லாம் எது தோல், எது சதை என்று பார்ப்பதில் இருக்கிறது.

ஒரு மனுவை வைத்துச் சொல்கிறேன். வயதான ஓர் அண்ணாச்சி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுப்பதற்காக ஒன்றரைப் பக்க மனுவோடு வந்தார். அதன் தொடக்கம் ஏறக்குறைய இப்படி:

“எங்கள் ஊரில் உள்ள பெரியகுளமானது எங்கள் முன்னோர் காலம் தொட்டுப் பல தலைமுறைகளாக விவசாயத்திற்குப் பயன்பட்டு வருகிறது என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டு வருகிறோம். மேற்படி குளத்தின் தெற்குப் பக்கத்தில் அமைந்துள்ள மடையின் ஷட்டரானது கடந்த ஐப்பசி மாத மழையில் பழுதடைந்து விட்ட காரணத்தினால் தண்ணீரைத் தேக்கி வைக்க முடியாத நிலை ஏற்பட்டுள்ளது. இதன் காரணமாகக் கடைமடைப் பகுதியில் உள்ள சுமார் 40 ஏக்கர் வயல்களுக்குக் கும்பப்பூ சாகுபடிக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை.”

எத்தனை வார்த்தை வேண்டும் என்று அவரிடம் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. “இதை எங்கே கொடுக்கப் போறீங்க, யாரு படிப்பா?” என்று கேட்டேன். அளவு அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. குறைதீர் கூட்டத்தில் பின்னால் வரிசை நிற்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தாளைக் கையில் வாங்கி ஒரு பார்வை பார்ப்பார். அப்படியானால் ஒரு தாள், ஒரு பக்கம், அதிலும் கீழே கையெழுத்துகளுக்கு இடம் விட வேண்டும். விழா மலர் என்றால் பக்கக் கணக்கு. நினைவு அஞ்சலி என்றால் படம் போக மிஞ்சும் இடம். மேடையில் வாசிப்பது என்றால் நிமிடக் கணக்கு. அதை நானே வாய்விட்டு வாசித்து மொபைலில் நேரம் பார்த்துவிடுவேன்.

அடுத்து எது இருக்கணும் என்பது. இதற்கு நான் செய்வது, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “பேப்பரைப் பாக்காம, என்ன விஷயம்னு வாயால சொல்லுங்க அண்ணாச்சி” என்று கேட்பது. அவர் மூன்றே சொன்னார்: மடை ஷட்டர் போச்சு, 40 ஏக்கர் காயுது, போன மார்ச்சிலேயே ஒரு மனு கொடுத்தோம், ஒண்ணும் நடக்கல. அந்தப் பழைய மனுவின் தேதியும் ரசீது எண்ணும் தாளில் எங்கே இருந்தன தெரியுமா? இரண்டாம் பக்கத்தின் கடைசிக்கு முந்தைய வரியில், நன்றிக்கும் வணக்கத்துக்கும் நடுவில். மேலே இருந்து படித்து, கீழே போகப் போக வெட்டும் பழக்கம் உள்ளவர் முதலில் வெட்டுவது அதைத்தான். நானும் வெட்டியிருப்பேன். மனுக்களில் முக்கியமானது அடிக்கடி கடைசியில்தான் வந்து உட்கார்ந்திருக்கும். எழுதுகிறவர்களுக்குப் பணிவு முடிந்த பிறகுதான் தைரியம் வருகிறது என்று நினைக்கிறேன்.

மேலே கொடுத்த மூன்று வாக்கியமும் தோல் சீவிய பிறகு இப்படி வந்தன: “எங்கள் ஊர்ப் பெரியகுளத்தின் தெற்கு மடை ஷட்டர் கடந்த ஐப்பசி மழையில் பழுதானதால் தண்ணீரைத் தேக்க முடியவில்லை. கடைமடையில் சுமார் 40 ஏக்கருக்குக் கும்பப்பூ சாகுபடிக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை.” 53 சொல் 21 ஆனது. ‘மேலான கவனத்திற்கு’, ‘முடியாத நிலை ஏற்பட்டுள்ளது’, ‘காரணத்தினால்’ போன்றவை எல்லாம் வெறும் தோல். ‘சுமார்’ என்பதைத் தொடவில்லை. அளந்து பார்க்காத கணக்கு அது. அதை எடுத்துவிட்டால், அவர் சொல்லாத ஒரு துல்லியத்தை நான் அவர் தலையில் கட்டியதாகிவிடும். ‘தெற்கு’, ‘கும்பப்பூ’ இரண்டும் அப்படித்தான். மடை நான்கைந்து இருக்கும் குளத்தில் எது என்பதையும், எந்தப் பூவுக்கு, எந்தப் பருவ நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும், அதாவது எவ்வளவு அவசரம் என்பதையும் ஒற்றைச் சொல்லில் சொல்கிறவை அவை.

ஆனால் ‘முன்னோர் காலம் தொட்டு’ என்பது சதை. எனக்கு அது அலங்காரமாகத்தான் பட்டது. அவருக்கு அப்படி இல்லாமலும் இருக்கலாம். நெடுநாள் பாசன உரிமை என்று சொல்ல வருகிறாரோ என்னவோ. அதனால் சீட்டில் ‘விட்டவை’ என்று தலைப்புப் போட்டு அதை முதலில் எழுதினேன். அவர் படித்துவிட்டு, “அது கெடக்கட்டும், போகட்டும்” என்றார். பக்கத்து ஊரோடு இருந்த பழைய தகராறு பற்றிய பத்தியையும் விட்டிருந்தேன். அதைப் பார்த்ததும், “இது ஒரு வரியாவது வேணும்” என்றார். சேர்த்தேன். தாள் ஒரு பக்கத்தில் அடங்கியது.

இந்த வழி எங்கே சறுக்கும் என்றால், தோல் என்று நினைத்துக் கை வைத்தது சதையாக இருக்கும்போது. தமிழில் இது பெரும்பாலும் வாக்கியத்தின் வாலில் நடக்கும். இன்னொரு மனுவில் ‘வாய்க்கால் கரையில் இரவில் மண் அள்ளுவதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள்’ என்று இருந்தது. நான் ‘வாய்க்கால் கரையில் இரவில் மண் அள்ளுகிறார்கள்’ என்று மாற்றிவிட்டேன். இரண்டு சொல் மிச்சம். விசாரணைக்கு வந்தவர்கள் மனு கொடுத்தவரிடம், நீங்கள் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பார்க்கவே இல்லை, கேள்விப்பட்டதைத்தான் எழுதியிருந்தார். கேள்விப்பட்டதைக் கண்டதாக மாற்றியது நான். அதிலிருந்து ‘-ஆக’, ‘-ஆம்’, ‘என்று தெரிகிறது’, ‘மட்டும்’, ‘-ஆவது’, ‘வரை’ ஆகியவற்றில் கை வைக்கும் முன் ஒருமுறை நிறுத்திவிடுகிறேன்.

வாக்கியங்களை இணைப்பதிலும் இதே ஆபத்து உண்டு. ‘அலுவலர் வந்து பார்த்தார். பிறகு ஊர்க்காரர்கள் மண்மூட்டை போட்டார்கள்’ என்பதை ‘அலுவலர் வந்து பார்த்து மண்மூட்டை போடப்பட்டது’ என்று சுருக்கினால், மூட்டை போட்டது அலுவலர் என்றாகிவிடும். ஊர்க்காரர்கள் கைக்காசு போட்டுச் செய்த வேலை ஒரு ‘-து’வில் போய்விட்டது. மழை பெய்து குளம் நிறைந்தது என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. செய்தவர் இரண்டு பேர், இருவருமே மனிதர்கள் என்றால் இணைக்காமல் விடுவதே நல்லது. ஒரு பத்தியைத் தூக்கினால், அதற்கடுத்த பத்தியில் உள்ள ‘அவர்’, ‘மேற்படி’, ‘அன்றைய தினம்’ எல்லாம் அந்தரத்தில் தொங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. முடித்த பிறகு இந்த மூன்று சொல்லையும் தேடிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

கம்ப்யூட்டர் பக்கம் அதிகம் இல்லை. LibreOffice Writer-இல் Edit > Track Changes > Record போட்டுவிட்டுத்தான் வெட்டுவேன். எதை எடுத்தேன் என்பது அதில் நிற்கும், ‘விட்டவை’ சீட்டை அதைப் பார்த்து எழுதிவிடலாம். அடித்தல் திருத்தலோடு பிரிண்ட் கொடுத்துப் பார்த்தேன், வாங்கினவர்கள் பயந்துபோனார்கள். இப்போது சுத்தமான பிரதி ஒன்று, சீட்டு ஒன்று. கீழே காட்டும் சொல் எண்ணிக்கையை நம்புவதை விட்டுவிட்டேன். ‘செய்து கொண்டு இருக்கிறார்கள்’ என்றால் மூன்று சொல், ‘செய்துகொண்டிருக்கிறார்கள்’ என்று சேர்த்தால் ஒன்று. தாளில் இரண்டும் ஏறக்குறைய அதே இடத்தைத்தான் பிடிக்கும். எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று நாமே நம்மை ஏமாற்றிக்கொள்ள அது நல்ல வசதி. நான் வரிகளைத்தான் எண்ணுகிறேன்.

எழுதினவர் வராமல் மகனையோ மருமகளையோ அனுப்பிவிட்டால் தாளைக் கவிழ்த்து வைத்துக் கேட்கும் முறை வேலை செய்யாது. அவர்களுக்கும் எனக்குத் தெரிந்த அளவுதான் தெரியும். அப்போது தோல் மட்டும் சீவி அனுப்பிவிடுவேன். பத்திரத்தில் வரும் நான்கெல்லை, கோர்ட்டுக்குப் போகும் வாக்குமூலம் இரண்டையும் தொடுவதே இல்லை. அங்கே எது தோல் என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது, பத்திர எழுத்தரிடமோ வக்கீலிடமோ போகச் சொல்லிவிடுவேன்.

கடைக்காரியாக ஒரு மனக்குறை உண்டு. ஒன்றரைப் பக்கத்தை அப்படியே அடித்தால் இரண்டு பக்கத்துக் காசு வாங்கலாம். அரை மணி நேரம் உட்கார்ந்து, கேட்டு, சீவி, சீட்டு எழுதி ஒரு பக்கமாக்கிக் கொடுத்தால் ஒரு பக்கத்துக் காசு. கொஞ்சம் கூட்டிக் கேட்டால் அந்த அண்ணாச்சியே தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எழுத்து கொறஞ்சிருக்கு, துட்டு மட்டும் எப்படிம்மா கூடும்?” என்கிறார்.