ஃபிஷ் ஃபைண்டர் திரையை நம்பலாமா? சில வருடப் பழக்கத்தில் புரிந்தவை

ஃபைபர் படகில் கலர் திரை ஃபிஷ் ஃபைண்டர் மாட்டிச் சில வருடங்கள் ஆகின்றன. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கடலுக்குள் அனுப்பி, திரும்பும் எதிரொலியைத் திரையில் காட்டும் சாதாரணக் கருவிதான். பெரும்பாலும் 20 முதல் 40 மீட்டர் ஆழத்தில் தூண்டில் போடுகிறவன் நான். ஆழம் அதிகமாக உள்ள இடத்தில் தொழில் செய்கிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது.

திரையைப் பார்த்ததும் கடலுக்கடியில் எடுத்த படம் என்றே தோன்றும். உண்மையில் படகுக்கு அடியில் இப்போது இருப்பது வலது ஓரத்துக் கோடு மட்டும்தான். கடல் நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 30 மீட்டர் ஆழத் தரையில் பட்டுத் திரும்ப 0.04 நொடி போதும். திரும்பி வரும் எதிரொலியை ஒரு செங்குத்துக் கோடாக வலது ஓரத்தில் வரைந்து, பழைய கோடுகளை இடது பக்கம் தள்ளிவிடுகிறது கருவி. அதனால் மேலிருந்து கீழே ஆழம். இடமிருந்து வலமாக ஓடுவது நேரம், தூரமில்லை. நங்கூரம் போட்டு நிற்கும்போதும் படம் நகர்வது இதனால்தான். அப்போது ஒரே ஒரு மீன் அடியில் நின்றாலும் நீளக் கோடாக இழுபடும்.

மீன் கூட்டத்தின் அளவைக் கணிக்க இது தெரிந்தே ஆக வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம், 20 மீட்டர் ஆழத்தில் ஒரு மேகம் போல எதிரொலி வந்து 10 நொடி நீடித்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் படகு சுமார் 14 மீட்டர் கடந்திருக்கும். ஆனால் ஒலி கூம்பாக விரிந்து இறங்குகிறது. 20 டிகிரி கூம்பு என்றால் அந்த ஆழத்தில் அதன் அகலம் 7 மீட்டர். கூட்டத்தின் முன் ஓரம் கூம்புக்குள் நுழைந்தது முதல் பின் ஓரம் வெளியேறும் வரை திரையில் தெரியும் என்பதால், அந்த 7 மீட்டரைக் கழிக்க வேண்டும். உண்மையான கூட்டம் 7 மீட்டர்தான். இதே கூட்டத்தின் மேல் மெதுவாகப் போனால் திரை முழுக்க நிரம்பும்; பார்க்கிறவருக்குக் கை பரபரக்கும். மேலும் கீழுமாகத் தெரியும் உயரத்தை ஓரளவு அப்படியே நம்பலாம்.

தரை விஷயத்தில் கருவி எனக்கு நிறையவே உதவியது. பாறைத் தரை தடித்த பட்டையாக, மேடுபள்ளமாக வரும். சேற்றுத் தரை ஒலியை உறிஞ்சிவிடுவதால் பட்டை மெலிந்திருக்கும். நிச்சயப்படுத்த நான் பார்ப்பது இரண்டாவது எதிரொலி. கெட்டியான தரையில் பட்ட ஒலி மேலே வந்து, நீர்மட்டத்தில் மோதி, மறுபடி கீழே போய்த் திரும்பும்; 30 மீட்டர் தரைக்கு 60 மீட்டரில் இன்னொரு தரை தெரியும். ரேஞ்சை ஆட்டோவில் விட்டால் திரை 40 மீட்டரோடு முடிந்துவிடும், இது கண்ணில் படாது. கையால் 80 வைக்க வேண்டும். இடையில், எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயினைத் திருப்பாதீர்கள். கெயினைக் கூட்டினாலே சேறும் தடித்துத் தெரியும். தரைக்கோடு சீரான இடைவெளியில் நெளிந்தால் அது மேடுமில்லை பள்ளமுமில்லை, அலை படகைத் தூக்கி இறக்குகிறது.

கருவி மறைக்கும் இடமும் இந்தத் தரையை ஒட்டித்தான். பாறையின் உச்சி 26 மீட்டர், அடிவாரம் 30 மீட்டர் என்றால், இரண்டும் கூம்புக்குள் இருக்கும்போது உச்சியின் எதிரொலி முதலில் வந்து அங்கிருந்து கீழே முழுக்கத் தரை நிறத்தைப் பூசிவிடும். அடிவாரத்தில் 28 மீட்டரில் நிற்கும் மீன் அந்தப் பட்டைக்குள் போய்விடும். 50 கிலோஹெர்ட்ஸில் கூம்பு பொதுவாக இன்னும் அகலம் என்பதால் இது மோசமாகும். பாறை ஓரத்தில் திரை காலியாக இருந்தாலும் நான் தூண்டிலை இறக்கிப் பார்க்கிறேன். வஞ்சிரத்துக்கும் இதே கதை, காரணம் வேறு. மீனிடமிருந்து வரும் எதிரொலியில் பெரும் பங்கு அதன் காற்றுப்பையில் பட்டு வருவது. வஞ்சிரத்துக்குக் காற்றுப்பை இல்லை. பெரிய மீனும் மங்கலாகத்தான் தெரியும்.

மீன் பொம்மை காட்டும் ஃபிஷ் ஐடியை அணைத்து வைத்திருக்கிறேன். நீரின் நடுவே வரும் எந்த எதிரொலிக்கும், குமிழி உட்பட, அது மீன் வரைந்துவிடுகிறது. எந்த மீன் என்று சொல்லும் வசதியும் இதில் இல்லை.

வேகம் கூட்டினால் தரைக்கோடு அறுந்து, குறைத்ததும் திரும்பி வருகிறதா? ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசருக்கு அடியில் காற்றுக்குமிழி ஓடுகிறது என்று அர்த்தம். புரொப்பெல்லரை விட்டுத் தள்ளி, படகின் அடிப்பகுதியைவிடச் சற்றுக் கீழே இறக்கி மாட்டியதும் எனக்குச் சரியானது. மெதுவாகப் போகும்போதும் படம் விட்டுவிட்டு வந்தால் உப்பேறிய கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், பிறகு பேட்டரியை.